கயிற்றின் நடுவில் நின்றவள்

என் வீட்டுக்காரரிடம் ஒரு கட்டிலை இடம் மாற்றிப் போடச் சொன்னால் மூன்று மாதம் ஆகும். அப்படிப்பட்ட மனுஷன், என் ஓரகத்தி "மேல வாங்க பாவா" என்றால் மேலே ஏறினார், "ஸ்வல்ப கீழ" என்றால் கீழே இறங்கினார். கையில் மூங்கில் கோல், தலையில் துண்டு, முகத்தில் பள்ளிக்கூடப் பிள்ளையின் பணிவு. இன்னொரு கோலைப் பிடித்துக்கொண்டு பத்து மீட்டர் தள்ளி நின்றிருந்த எனக்கு வயிறு எரிந்தது. பொறாமை என்று சொன்னால் அசிங்கம் என்பார்கள். இருக்கட்டும், அது பொறாமைதான்.

ஓரகத்தி என்றால் என் கொழுந்தன் பெண்டாட்டி. ஜவளகிரிப் பக்கத்துப் பெண், வீட்டில் பேசுவது கன்னடம். கணவனுடைய அண்ணனை அவர்கள் பாவா என்றுதான் கூப்பிடுவார்களாம். கூப்பிடட்டும். நான் பிறந்த வீட்டில் தம்பி பெண்டாட்டி மூத்தாருக்கு நேராக நின்று பேசவே மாட்டாள். இவள் நேராக நின்று பேசியதோடு விரலை நீட்டி நீட்டி வேலையும் வாங்கினாள். ஸ்வல்ப என்றால் கொஞ்சம் என்று அர்த்தம். அந்த வார்த்தையை அவள் ஒரு நாளைக்கு எத்தனை முறை சொன்னாளோ, அத்தனை முறையும் எனக்கு ஊசி குத்தியது.

விஷயம் நிலத்தைப் பற்றியது. பாகலூரைத் தாண்டி எங்களுக்கு ஒரு சரிவான செம்மண் காடு இருக்கிறது. மானாவாரி, மழை பெய்தால் ராகி, அவரை, கொள்ளு. அண்ணன் தம்பி பாகம் பிரித்தபோது மேலே கிடக்கிற பாறை மண்ணும் கீழே கிடக்கிற நல்ல மண்ணும் இருவருக்கும் சமமாக வரவேண்டும் என்று மேட்டிலிருந்து பள்ளம்வரை நேராக ஒரு கோடு கிழித்தார்கள். ஆளுக்கு ஒரு நீள்பட்டை, நடுவில் ஒரு வரப்பு. நியாயமான பங்குதான். ஆனால் சரிவில் மேலிருந்து கீழே போடுகிற வரப்பு தண்ணீருக்கு ரோடு போட்ட மாதிரி. இரண்டு பட்டையில் விழுகிற மழையும் அந்த வரப்போரம் சேர்ந்து, மண்ணை வாரிக்கொண்டு ஓடைக்கு ஓடியது. சில வருஷத்தில் என் பக்கம் வரப்பை ஒட்டி ஆள் இறங்குகிற அளவுக்கு அரிப்புப் பள்ளம் விழுந்துவிட்டது. அவள் பக்கமும் விழுந்ததுதான். அப்போது என் கண்ணுக்கு என்னுடையது மட்டும்தான் தெரிந்தது.

போன வருஷம் ராகி முளைத்து ஒரு சாண் வந்த நேரத்தில் ஒரே மழை, பாதிப் பயிர் மண்ணோடு போய்விட்டது. அதைப் பார்த்துவிட்டு வந்த அன்றைக்கே மனை போட்டு விற்கிற ஒருவர் வீட்டுக்கு வந்து உட்கார்ந்தார். எங்கள் பட்டைதான் ரோட்டை ஒட்டியிருப்பது. முதலில் எங்களுடையதை வாங்கிவிட்டால் கொழுந்தனுடையது தானாக வரும் என்பது அவர் கணக்கு.

"அடுத்த மழைக்கும் மண்ணு போச்சுன்னா குடுத்துடலாம்," என்றார் என் வீட்டுக்காரர். "கல்லையும் முள்ளையும் வெச்சுகிட்டு என்ன பண்றது? ஓசூர்ல ரெண்டு ரூம் வீடா பாத்துகிட்டுப் போயிடலாம். ஷிப்டுக்கும் கிட்ட."

அவருக்குக் கம்பெனி வேலை இருக்கிறது. எனக்கு இருப்பது அந்தக் காடுதான். பட்டா அவர் பெயரில் இருந்தாலும் உழவு ஓட்டச் சொல்வது நான், விதை எடுத்து வைப்பது நான், இரண்டு மாட்டுக்குத் தட்டு அறுப்பது நான். அதை விட்டுவிட்டு இரண்டு ரூமுக்குள் உட்கார்ந்து, அவர் ஷிப்ட் மாறுகிறபோதெல்லாம் சோறு சுட வைத்துக்கொண்டிருக்கச் சொல்கிறார். ஒரு வருஷம் வேண்டாம் வேண்டாம் என்று அழுதேன், சண்டை போட்டேன், பேசாமலும் இருந்து பார்த்தேன். கல்லுளிமங்கன், அசையவில்லை. ஆக அந்த மழைக்கு முன்னால் மண் நிற்க ஒரு வழி பண்ணியாக வேண்டும். வழி இருந்தது என் ஓரகத்தியின் கையில். இதைவிட எரிச்சல் உலகத்தில் வேறு உண்டா?

மண் அரிப்பைத் தடுக்க ஊரில் ஒரு பயிற்சி நடந்தது. குடும்பத்துக்கு ஒரு பெண் வரலாம் என்றார்கள். அன்றைக்கு என் மாடு கன்று போடும் நாள். இவளுக்குக் கம்பெனியில் வாராந்திர லீவு, போய் உட்கார்ந்துவிட்டாள். அங்கே அவளுக்கு ஒரு லைன் லெவல் கொடுத்தனுப்பினார்கள். விரல் நீளத்துக்கு ஒரு ரசமட்டம், அவ்வளவுதான். கொத்தனார் வைத்திருப்பாரே, கண்ணாடிக் குழாய்க்குள் குமிழி ஓடுமே, அதன் குட்டி. இரண்டு முனையிலும் கொக்கி வைத்திருக்கும், கயிற்றில் தொங்கவிடலாம். அவள் கம்பெனியில் பார்க்கிறதும் அளவு சரிபார்க்கிற வேலைதான். ஆகவே அதைக் கையில் வாங்கியதிலிருந்து பிறவியிலேயே அதோடு வந்தவள் மாதிரி நடந்துகொண்டாள்.

முதல் நாள் காலையில் அந்த லெவலையே சோதித்தாள். கயிற்றை இழுத்துக் குமிழியை நடுவில் நிறுத்திவிட்டு, லெவலைக் கழற்றித் திருப்பி மாட்டினாள். திருப்பியும் குமிழி நடுவிலேயே நின்றது. "நல்லாருக்குது. திருப்பினா ஓடுச்சுன்னா அது பொய் சொல்ற லெவலு," என்றாள். என் வீட்டுக்காரர் ஆச்சரியமாகத் தலையாட்டினார். நான் நகை வாங்கி உரசிப் பார்த்தபோதுகூட அப்படித் தலையாட்டியவர் இல்லை.

அப்புறம் சரிவை அளந்தோம். இரண்டு கோலிலும் ஒரே உயரத்தில் வெட்டு. பத்து மீட்டர் நைலான் கயிறு, நடுவில் ஒரு முடிச்சு, அந்த முடிச்சில் லெவல். மேட்டில் நான், பள்ளத்தில் அவர். கீழ்க்கோலில் கயிறு வெட்டிலேயே இருக்கும். மேல்கோலில் குமிழி நடுவுக்கு வரும்வரை நான் கயிற்றைக் கீழே இறக்க வேண்டும். எவ்வளவு இறக்கினேனோ அவ்வளவு நிலம் சரிகிறது. ஒரு கயிற்றுக்கு ஏறக்குறைய ஓர் அடி வந்தது.

"இந்தச் சரிவுக்கு மூணடி எறக்கத்துக்கு ஒரு கரை போடணும்க்கா," என்றாள். அதாவது மேட்டிலிருந்து நிலம் மூன்றடி இறங்குகிற இடத்தில் முதல் கரை, அங்கிருந்து மூன்றடி இறங்கினால் அடுத்தது, அப்படியே கடைசிவரை.

"ரெண்டடிக்கு ஒண்ணு போட்டா இன்னும் நல்லா நிக்குமில்ல?" என்றேன். சும்மா விடக்கூடாது என்றுதான் சொன்னேன்.

"கிட்டக் கிட்டப் போட்டா கரையே நெலத்தைத் தின்னுரும்க்கா. டிராக்டர் திரும்ப எடம் இருக்காது. ரொம்ப தள்ளிப் போட்டா தண்ணி ஓடி வேகம் புடிச்சு கரையை ஒடைச்சிரும். நம்ம சரிவுக்கு மூணடி சரியா வரும்னு கணக்குப் போட்டே குடுத்தாங்க."

"அவ சொல்றது சரி," என்றார் இவர். கேட்டீர்களா? நான் ஒன்று சொன்னால் அதில் சொத்தை இருக்கிறதா என்று புரட்டிப் பார்க்கிறவர்.

நிலத்தின் தலையிலிருந்து மூன்று கயிறு இறங்கி, மூன்றடி கணக்கு நிறைந்த இடத்தில் ஒரு முளை அடித்தோம். அதற்கப்புறம் இறக்கம் கிடையாது. ஒரு கோல் அந்த முளையிலேயே நிற்கும். இன்னொரு கோல்காரர் பக்கவாட்டில் போய், கயிறு இரண்டு கோலிலும் வெட்டிலேயே இருக்க, குமிழி நடுவில் நிற்கிற இடத்தைத் தேட வேண்டும். குமிழி எப்போதும் மேடான பக்கம் ஓடும். அது கோல்காரர் பக்கம் ஓடினால் அவர் கீழே இறங்க வேண்டும், எதிர்ப்பக்கம் ஓடினால் மேலே ஏற வேண்டும். நடுவில் நின்றால் இரண்டு பேர் காலும் ஒரே மட்டத்தில் இருக்கிறது, அங்கே ஒரு முளை. அப்படியே தாண்டித் தாண்டிப் போனால் நிலத்தின் குறுக்கே வளைந்து வளைந்து ஒரு வரிசை வரும். அந்த வரிசையில் கரை போட்டால் தண்ணீர் எந்தப் பக்கமும் ஓடாது, அப்படியே நிற்கும். வரப்பை அது பார்க்காது. அவள் பட்டையில் ஆரம்பித்து, வரப்பைக் குறுக்கே கடந்து, என் பட்டையில் முடியும்.

குமிழியைப் பார்க்க ஒருத்தர் நடுவில் நிற்க வேண்டும். நின்றவள் அவள். "மேல பாவா. இன்னும் ஸ்வல்ப. போதும், போதும். அங்கியே நில்லுங்க."

ஒரு விஷயம் அன்றைக்கே கவனித்தேன், ஆனால் தப்பாகக் கவனித்தேன். இவர் அவளுக்கு அடங்கிப் போனாரே தவிர, வாயை மூடிக்கொண்டு போகவில்லை. "இங்க பழைய கரையான் புத்தும்மா, அதுமேல நிக்கறேன், தள்ளி வெச்சுப் பாரு," என்பார். "இந்த எடத்துல வரிசை ரொம்ப வளையுது, டிராக்டர் எப்படிப் போவும்? நேரா எடு," என்பார். அவள் விடமாட்டாள். "ஒரு ஜாண் தள்ளலாம் பாவா, அதுக்கு மேல தள்ளினா அங்க கரையை ஒசத்திப் போடணும், பரவால்லயா?" இப்படி அவள் பட்டை முழுக்க முளைக்கு முளை ஒரு வழக்கு; எங்கள் பட்டைக்கு வந்தால் வேலை சீக்கிரம் முடிந்துவிடும். இரண்டு பேரும் மண்டியிட்டு மண்ணைத் தடவிப் பார்ப்பார்கள். எனக்கு அது கொஞ்சிப் பேசுகிற மாதிரி இருந்தது. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் என்னோடு ஒரு கல்லைப் பற்றி அவ்வளவு பேசியிருப்பாரா?

இரண்டு வரிசை முடிந்தது. மூன்றாவது வரிசையை அவள் பட்டையின் ஓரத்தில் ஆரம்பித்து வரப்புவரை கொண்டுவந்தோம். வரப்பின்மேல் முளை அடித்த நேரத்தில் ரோட்டில் கம்பெனி பஸ் ஹாரன் அடித்தது. அந்த வாரம் அவளுக்கு செகண்ட் ஷிப்ட்.

"மீதியை நாளைக்கு காலையில பாத்துக்கலாம்க்கா," என்று லெவலை என் கையில் கொடுத்துவிட்டு ஓடினாள்.

அவள் பக்கம் முடிந்துவிட்டது, நின்றது என் பக்கம். எப்படி இருக்கிறது கதை? மறுநாள் காலையில் கரை போட ஜேசிபி வருவதாகச் சொல்லியிருந்தோம். இவள் தூங்கி எழுந்து எப்போது வருவாள், வண்டிக்காரர் எவ்வளவு நேரம் நிற்பார்? இதெல்லாம் நான் எனக்கே சொல்லிக்கொண்ட சாக்கு. உண்மை என்னவென்றால், நான் மேலே என்றால் அவர் மேலே ஏற வேண்டும், கீழே என்றால் இறங்க வேண்டும். அதை ஒருமுறையாவது பார்த்துவிட வேண்டும்.

"வாங்க, நாம ரெண்டு பேருமே முடிச்சிடலாம்," என்றேன்.

"நடுவுல யாரு பாக்கறது?"

"நான் பாத்துக்கறேன், வாங்க."

இரண்டே பேர். கோலையும் பிடித்துக்கொண்டு நடுவிலும் போய் நிற்க முடியாது. அதனால் லெவலை முடிச்சிலிருந்து கழற்றி என் கோலுக்கு ஒரு முழம் தள்ளித் தொங்கவிட்டேன். கண்ணுக்கு நேராகக் குமிழி. யாருக்கும் தோன்றாத யோசனை எனக்குத் தோன்றியதாக ஒரு பெருமை வேறு.

முதல் கயிறு. குமிழி என் பக்கம் ஓடியது. அப்படியானால் நான் மேடு, அவர் பள்ளம். "மேல போங்க," என்றேன். போனார். "இன்னும் மேல." போனார். ஒரு பேச்சு இல்லை, ஒரு முணுமுணுப்பு இல்லை. குமிழி நடுவுக்கு வந்தது. "நில்லுங்க," என்றேன், நின்றார். எனக்கு உள்ளே குளுகுளு என்று இருந்தது.

அடுத்த கயிறும் அப்படியே, அதற்கடுத்ததும் அப்படியே. ஒவ்வொரு தடவையும் அவர் மேலேதான் ஏற வேண்டியிருந்தது. கரையான் புற்று வந்தது, அதன்மேலேயே கோலை வைத்தார். வளைவு வந்தது, நேராக எடு என்று கேட்கவில்லை. என் பட்டையின் ஓரத்துக்குப் போனபோது வரிசை மேலேறி, இரண்டாவது வரிசைக்கும் அதற்கும் நடுவே இருக்க வேண்டிய இடத்தில் பாதியைத் தின்றிருந்தது. சரிவு அதிகமான இடத்தில் கரைகள் நெருங்கி வரும் என்று அவளே சொல்லியிருந்தாள். சரி, என் பக்கம் நிலம் அப்படி என்று நினைத்துக்கொண்டேன். என் பக்கம் அவள் பக்கத்தைவிட மேடு என்பதிலும் ஓர் அற்ப சந்தோஷம். அன்றைக்கு அவருக்கு முட்டை பொரித்துக் கொடுத்தேன்.

மறுநாள் ஜேசிபி வருவதற்கு முன்னாலேயே அவள் வந்துவிட்டாள். வரப்பின்மேல் நின்று என் முளைகளைப் பார்த்தாள். குனிந்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, வரிசையோடு பார்த்தாள்.

"லெவலை எங்கக்கா தொங்கவிட்டீங்க?"

"என் கோல்கிட்ட. ஏன்?"

அவள் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும், திட்டவாவது செய்திருப்பேன். "எவ்ளோ இழுத்தாலும் கயிறு தொங்கும்க்கா. நடுவுல மட்டுந்தான் அது படுத்த மாதிரி இருக்கும். உங்க கோல்கிட்ட அது உங்ககிட்ட இருந்து கீழதான் எறங்குது. அப்போ குமிழி எப்பவும் உங்க பக்கந்தான் ஓடும். அதை நடுவுக்குக் கொண்டாரணும்னா பாவா ஒவ்வொரு தடவையும் மேல ஏறித்தான் ஆவணும்."

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். நானும் விடவில்லை. "என் பக்கம் நெலமே அப்படித்தான்," என்றேன்.

"சரிக்கா, திருப்பிப் பாத்துடலாம்," என்று லெவலை முடிச்சில் மாட்டி, நான் அடித்த கடைசி முளையிலிருந்து வரப்பை நோக்கிப் பின்னாலே வந்தாள். கோல் பிடித்தது நானும் அவரும்தான். வரிசை வரப்பைத் தொட்டபோது, முந்தின நாள் வரப்பின்மேல் அடித்த முளை எங்கேயோ கீழே கிடந்தது. நான் போட்ட வரிசையில் கரை எழுந்திருந்தால் என் பட்டையின் தண்ணீர் முழுக்கக் கரையோரமாகவே சரிந்து வந்து அதே வரப்பில், அதே பள்ளத்தில் விழுந்திருக்கும். எதை அடைக்க வந்தோமோ அதற்கு நானே வாய்க்கால் வெட்டியிருக்கிறேன். இந்த வருஷ ராகியும் போயிருக்கும், நிலமும் போயிருக்கும்.

எனக்கு அப்போது கோபம் அவள்மேல் வரவில்லை. பிறந்ததிலிருந்து அந்தச் சரிவில் நடந்தவர் எதிரே கோலைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாரே, அவர்மேல் வந்தது.

"உங்க காலுக்குத் தெரியலயா? ஏறிகிட்டே போறோம்னு?"

"தெரிஞ்சுது," என்றார்.

"தெரிஞ்சு ஏன் சொல்லல?"

"மேல வான்னு சொன்ன, வந்தேன்."

"அவகிட்ட மட்டும் முளைக்கு முளை வாயாடினீங்களே?"

அவர் கோலைத் தரையில் ஊன்றிக்கொண்டார். "அவ பக்கத்து நெலத்துக்குக் கரை ஒழுங்கா நிக்கணும், அதுக்காக சொன்னேன். நம்முளுது நின்னா என்ன, நிக்காட்டி என்ன? மழை முடிஞ்சதும் கையெழுத்துப் போடறேன்னு அந்த மனைக்காரர்கிட்ட சொல்லிட்டேன்."

ஒவ்வொரு கயிற்றுக்கும் அவர் பேசாமல் ஏறியது எனக்குக் கண்முன் ஓடியது. நான் அதைப் பணிவு என்று நினைத்துக் குளிர்ந்தேனே, முட்டை பொரித்தேனே. அழுகை வந்தது. ஓரகத்தி முன்னால் அழக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு, நான் அடித்த முளைகளைப் பிடுங்க ஆரம்பித்தேன்.

அவள்தான் பேசினாள். "பாவா, விக்கறதுன்னா வில்லுங்க. ஆனா கரை ரெண்டு நெலத்துலயும் ஒண்ணா ஓடுது. நீங்க குடுத்துட்டு அவங்க உங்க பக்கத்தை வெட்டி மனை போட்டா, என் பக்கம் நிக்கற தண்ணியும் அந்த வெட்டு வழியா போயிடும். எங்களுக்கும் நெலம் இல்லாத மாதிரிதான். ஒரு மழை பாருங்க. தண்ணி நின்னா நீங்க விக்கக்கூடாது. நிக்கலன்னா எங்க பங்கையும் சேத்துக் குடுத்துடறோம், உங்க தம்பிகிட்ட நான் சொல்லிக்கறேன்."

இவர் சரிவைப் பார்த்தார், வரப்பைப் பார்த்தார். "சரிம்மா," என்றார்.

சரிம்மா. அவ்வளவுதான். நான் ஒரு வருஷம் அழுது வாங்க முடியாத வார்த்தையை, அவள் கையில் கயிற்றைச் சுற்றிக்கொண்டே வாங்கிவிட்டாள். நிலம் பிழைத்தது, எனக்கு வாய்க்குள் மண் விழுந்த மாதிரி இருந்தது. நன்றி சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை.

மூன்றாவது வரிசையை மறுபடி எடுத்தோம். நானும் அவரும் கோலில், அவள் நடுவில். இந்தத் தடவை என் பட்டையிலும் அவர் வழக்கு ஆரம்பித்துவிட்டார். "இந்தப் புத்துமேல வைக்காத, தள்ளிப் புடி," என்று என்னிடமே எரிந்து விழுந்தார். ஜேசிபி வந்து வரிசைக்கு மேல்புறத்து மண்ணை வாரிக் கரை போட்டது. வரப்பைக் கடக்கிற இடத்தில் பள்ளத்தைச் சேர்த்து அடைத்து, அங்கே மட்டும் அடி அகலமாக, மேல்மட்டம் ஒரே சீராக வரும்படி கட்டினோம். மிச்சத் தண்ணீர் வழிய ஓரத்தில் கல் பாவி ஒரு வாயும் வைத்தோம்.

மழை ஒரு காலை நேரத்தில் வந்தது. போன வருஷம் ராகியைக் கொண்டுபோன அதே மாதிரி மழை. விட்டதும் விடாததுமாக மூவரும் காட்டுக்கு விரைந்தோம், நானும் இவரும் வண்டியில். அவள் கம்பெனி யூனிபார்மில், கழுத்தில் அடையாள அட்டையோடு வந்தாள். பஸ் வருகிற நேரம்.

தண்ணீர் நின்றிருந்தது. மூன்று கரைக்குப் பின்னாலும் நின்றிருந்தது. வரப்புப் பள்ளத்தில் ஓட்டமே இல்லை. என் வீட்டுக்காரர் கரைமேல் ஏறி நின்று இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் பார்த்தார். அப்புறம் செல்போனை எடுத்து அந்த மனைக்காரரைக் கூப்பிட்டு, "இல்லீங்க, இப்போதைக்கு குடுக்கல," என்றார். என் காதாலேயே கேட்டேன். கரையிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

மூன்றாவது கரையின் அந்தக் கோடியிலிருந்து அவள் கத்தினாள். "அக்கா, என் பக்கம் நல்லா நிக்குது. உங்க பக்கம் எவ்ளோ இருக்கு?"

கையை விட்டுப் பார்த்தேன். பார்த்துவிட்டு, என்ன பேய் பிடித்ததோ, "உன் பக்கத்தைவிட நாலு வெரக்கடை கூடவே நிக்குது," என்று கத்தினேன். அவள் பக்கம் எவ்வளவு நிற்கிறது என்று எனக்குத் தெரியவே தெரியாது. எதிலாவது ஒன்றில் என் பக்கம் கூட இருக்கட்டும் என்று வந்துவிட்டது.

அவள் முகம் மாறியதைத் தூரத்திலிருந்தே பார்த்தேன். ஒரே மட்டத்தில் போட்ட கரையில் ஒரு பக்கம் நாலு விரல் கூட நின்றால் வரிசை எங்கேயோ தப்பு, அடுத்த மழைக்கு அந்த இடத்தில் கரை உடையும். அது எனக்குத் தோன்றவில்லை, அவளுக்குத் தோன்றியது. ஒரு குச்சியைத் தண்ணீரில் நட்டு, தன் பக்கத்து ஆழத்தை நகத்தால் கீறிக்கொண்டு, சேற்றில் ஓடி வந்தாள். ரோட்டில் பஸ் ஹாரன் அடித்தது. அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இன்னொரு முறை அடித்துவிட்டு பஸ் போய்விட்டது.

என் காலடியில் குச்சியை நட்டாள். தண்ணீர் சரியாக நகக்கீறலில் வந்து நின்றது. இன்னும் இரண்டு இடத்தில் நட்டுப் பார்த்தாள், அங்கேயும் கீறலில்தான் நின்றது. பெருமூச்சு விட்டு என்னைப் பார்த்தாள். முழங்கால்வரை சேறு, யூனிபார்ம் வீண்.

"சரியாத்தானே இருக்குதுக்கா?"

"என் வெரலு மெலிசு போல இருக்குது," என்றேன்.

களை பிடுங்கிக் காய்த்துப்போன என் விரல்களைப் பார்த்தாள். "இருக்கும்க்கா," என்றாள். அப்புறம் கரைமேல் நின்றிருந்தவரைப் பார்த்துக் கேட்டாள். "பாவா, பஸ் போயிடுச்சு. என்னை ஓசூர்ல கம்பெனி வாசல்ல எறக்கி விடறீங்களா?"

"வாம்மா," என்று அவர் சேற்றில் குதித்து வண்டி நிறுத்தியிருந்த இடத்துக்கு ஓடினார். நான் கரையில் உட்கார்ந்தபடியே இருந்தேன். எனக்கு ஒரு நாளும் ஒரே உதையில் கிளம்பாத அந்த வண்டி, ஒரே உதையில் கிளம்பியது.